காணாமல் போன வருவாய்: கேட்க வேண்டிய கேள்வி எது?

யூடியூப் நிறுவனம் 2025 ஜூலை 15 முதல் தன் வருவாய் விதிகளில் ஒரு சொல்லை மாற்றியது. ஒரே மாதிரி மீண்டும் மீண்டும் வரும் காணொளிகளைக் குறித்த விதி, ‘உண்மைத்தன்மை இல்லாத உள்ளடக்கம்’ என்ற பெயருக்கு மாறியது. அதிலிருந்து சிறு சேனல் நடத்துகிறவர்கள் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது, மானிடைசேஷன் இருக்கிறதா போய்விட்டதா என்பதைத்தான். தவறு செய்யாதவர்களின் சேனலிலும் சில நேரம் அது நின்றுவிடுகிறது. முறையிட்ட பிறகு திரும்பி வருகிறது. ஆனால் நின்றிருந்த நாட்களின் பணம் திரும்பி வருவதில்லை.

அந்தப் பணத்தைக் கேட்டு எழுதும் மின்னஞ்சலைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. காணொளி போடும் நண்பர்களுக்காக இப்படிப்பட்ட கடிதங்கள் சிலவற்றைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலானவை வேதனையில் தொடங்கி வேண்டுகோளில் முடிகின்றன. நியாயமான வேதனைதான். ஆனால் கடிதத்தைத் திறக்கும் ஊழியர் எந்தத் தேதியை, எந்தத் தொகையை, எந்தத் திரையில் பார்க்க வேண்டும் என்பது அவற்றில் இருப்பதில்லை. பதிலாக ஓர் ஆறுதல் வாசகம் வருகிறது. விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஒரு சேனல், பத்தொன்பது நாட்கள்

விளக்குவதற்கு வசதியாக ஒரு சேனலைக் கற்பனை செய்துகொள்வோம். திண்டுக்கல் பக்கம் ஆடு வளர்க்கும் ஒரு தம்பதியின் சேனல் அது. எண்களும் நான் வைத்துக்கொண்டவைதான். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று முழு எண்களாக எடுத்திருக்கிறேன்.

சேனலை ஒரு நாளைக்குப் பத்தாயிரம் முறை பார்க்கிறார்கள். ஆயிரம் பார்வைக்கு அவர்கள் கைக்கு வருவது சராசரியாக 40 ரூபாய். ஒரு நாளைக்கு 400 ரூபாய் ஆகிறது. ஆட்டுத் தீவனச் செலவில் ஒரு பகுதியை இந்தப் பணம்தான் தாங்குகிறது.

செப்டம்பர் 3 காலை ஏழு மணிக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. ‘உங்கள் சேனலில் மறுபயன்பாட்டு உள்ளடக்கம் இருப்பதால் மானிடைசேஷன் நிறுத்தப்படுகிறது’ என்கிறது. காணொளிகள் எல்லாம் அவர்கள் கொட்டகையிலேயே எடுத்தவை. முறையிட 21 நாள் அவகாசம் உண்டு. மூன்றாம் நாளே முறையிடுகிறார்கள். செப்டம்பர் 22 காலை ஏழு மணிக்கு, மானிடைசேஷன் மீண்டும் தரப்பட்டது என்று பதில் வருகிறது. இடைப்பட்ட நாட்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

கடிதம் எழுதச் சரியான நேரம் இதுதான். யூடியூபில் மின்னஞ்சலிலோ உரையாடலிலோ ஓர் ஊழியரைத் தொடர்புகொள்ளும் வசதி, மானிடைசேஷன் உள்ள சேனல்களுக்குத்தான் கிடைக்கிறது. மானிடைசேஷன் போனால் அந்தக் கதவும் சாத்தப்படுகிறது. உதவி மிகவும் தேவைப்படும் நாட்களில் உதவி கேட்கும் இடமே இல்லாமல் போகிறது. இந்த ஏற்பாடு மாற வேண்டும். அது மாறும்வரை, கதவு திறந்ததும் கடிதத்தைத் தயாரிக்கத் தொடங்கி, மாதம் முடிந்ததும் அனுப்ப வேண்டும்.

எழுதுவதற்கு முன் பழைய காணொளிகள் ஒவ்வொன்றிலும் மானிடைசேஷன் மீண்டும் இயங்குகிறதா என்று ஸ்டூடியோவில் பார்த்துவிடுங்கள். சேனலுக்கு அனுமதி வந்தும் தனித்தனிக் காணொளிகளில் அணைந்தே இருந்தால் இழப்பு தொடரும். அந்த இழப்புக்கு நீங்கள்தான் பொறுப்பு என்றும் பதில் வரும்.

மூன்று வெவ்வேறு பணங்கள்

‘என் பணம் வரவில்லை’ என்ற ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு பணங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் எழுதுவதுதான் இந்தக் கடிதங்களில் நான் பார்க்கும் பெரிய பிழை.

முதலாவது, மானிடைசேஷன் நிற்பதற்கு முன்பே சம்பாதித்துவிட்ட பணம். நம் உதாரணத்தில் ஆகஸ்ட் மாத வருவாய். ஒரு மாதத்தின் வருவாய் அடுத்த மாதம் 7 முதல் 12ஆம் தேதிக்குள் ஆட்சென்ஸ் கணக்கில் ஏறும். தொகை 100 டாலரைத் தாண்டி, வேறு தடையும் இல்லை என்றால் 21 முதல் 26க்குள் வங்கிக்கு அனுப்பப்படும். ஆகஸ்ட் பணம் செப்டம்பர் 26க்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் அது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. உழைத்து ஈட்டிய, கணக்கில் ஏறிய தொகை அது. அதை உரிமையோடு கேட்கலாம்.

இரண்டாவது, செப்டம்பர் மாதத்தின் முதல் ஓரிரு நாட்களின் பணம். இது அக்டோபர் 12 வரை ஆட்சென்ஸில் தெரியாமல் இருக்கலாம். அதற்கு முன் கடிதம் எழுதினால் ‘காத்திருங்கள்’ என்றுதான் பதில் வரும். அந்தப் பதில் சரியானதும்கூட. தெரிந்த பிறகும் 100 டாலருக்குக் குறைவாக இருந்தால் அது நிலுவையாகக் கணக்கிலேயே இருக்கும். அதைக் காணாமல் போன பணமாகக் கருதக் கூடாது. அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் வருவாயில் பிடிக்கும் வரியும் அப்படித்தான். ஆட்சென்ஸ் பரிவர்த்தனைப் பட்டியலில் அது தனி வரியாக இருக்கும். அதைப் பார்க்காமல் ‘குறைகிறது’ என்று எழுதினால் கடிதத்தின் மற்ற வரிகளும் நம்பகத்தன்மையை இழக்கும்.

மூன்றாவதுதான் உண்மையான சிக்கல். மானிடைசேஷன் நின்றிருந்த பத்தொன்பது நாட்களின் பணம்.

விளம்பரம் ஓடியதா?

அந்த நாட்களில் காணொளியை யாரும் பார்க்காமல் இல்லை. தினமும் பத்தாயிரம் பார்வைகள் வழக்கம்போல் இருந்தன. ஆனால் வருவாய்க் கணக்கில் பூஜ்யம். ‘மானிடைசேஷன் இல்லாதபோது வருவாய் இல்லை, ஆகவே தருவதற்கு எதுவும் இல்லை’ என்பதுதான் எதிர்பார்க்கக்கூடிய பதில். நம்மில் பெரும்பாலோர் இதை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஏற்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வருவாய்ப் பங்குத் திட்டத்தில் இல்லாத சேனல்களின் காணொளிகளிலும் விளம்பரம் போடும் உரிமையை யூடியூப் தன் விதிகளில் எழுதிக்கொண்டது. அமெரிக்காவில் 2020 நவம்பரில் அறிவித்தது. மற்ற நாடுகளுக்கு 2021 ஜூன் 1 முதல் அது வந்தது. அத்தகைய விளம்பரத்தில் சேனல் நடத்துகிறவருக்குப் பங்கு கிடையாது. திட்டத்தில் இருக்கும் சேனலுக்கு வழக்கமான காணொளி விளம்பர வருவாயில் 55 விழுக்காடு கிடைக்கிறது. திட்டத்தில் இல்லாத சேனலில் விளம்பரம் ஓடினால் முழுத் தொகையும் நிறுவனத்துக்கே போகிறது.

இதை நம் உதாரணத்தில் பொருத்திப் பாருங்கள். பத்தொன்பது நாட்களில் இரண்டு சாத்தியங்கள் உண்டு. விளம்பரமே ஓடவில்லை என்றால் யாருக்கும் பணம் வரவில்லை. விளம்பரம் ஓடியிருந்தால் பணம் வந்திருக்கிறது. தவறான ஒரு முடிவின் பேரில் தம்பதியின் பங்கு அவர்களுக்குக் கொடுக்கப்படாமல் இருக்கிறது. முதலாவது இழந்த வாய்ப்பு. இரண்டாவது வேறொருவர் கையில் இருக்கும் பணம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

எது நடந்தது என்பது நிறுவனத்துக்குத் தெரியும். சேனல் நடத்துகிறவருக்குத் தெரியாது. அவருடைய திரையில் பார்வை எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும். ஆகவே கடிதத்தில் ‘எங்களுக்கு இவ்வளவு தாருங்கள்’ என்பதற்கு முன் வர வேண்டியது ஒரு கேள்வி: ‘இந்த நாட்களில் எங்கள் காணொளிகளில் விளம்பரம் காட்டப்பட்டதா? எத்தனை முறை?’ கோரிக்கையை மறுப்பது எளிது. இந்தக் கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். பதில் சொல்லாமல் விட்டால், அந்த மௌனமும் அடுத்த கட்டத்தில் ஓர் ஆதாரமாகும்.

கணக்கு எங்கே பிசகுகிறது

தேதியில்தான் அதிகம் பிசகுகிறது. யூடியூப் அனலிட்டிக்ஸ் அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி நாட்களைக் கணக்கிடுகிறது. செப்டம்பர் மாதத்தில் நம் நேரம் அதைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கும். நமக்குச் செப்டம்பர் 3 காலை ஏழு மணி என்றால் அங்கே செப்டம்பர் 2 மாலை ஆறரை. அதேபோல் மானிடைசேஷன் திரும்பிய செப்டம்பர் 22 காலை, அங்கே 21 மாலை.

நம் கைப்பேசியின்படி 3 முதல் 21 வரை 19 நாட்கள். ஸ்டூடியோ வரைபடத்திலோ முழுப் பூஜ்யமாக இருப்பவை 3 முதல் 20 வரை 18 நாட்கள்தான். 2ஆம் தேதியும் 21ஆம் தேதியும் அரைகுறை நாட்கள். கொஞ்சம் வருவாய் காட்டும். ‘19 நாட்கள் ஒரு பைசா வரவில்லை’ என்று எழுதினால், ஊழியர் வரைபடத்தைத் திறந்து 21ஆம் தேதி வருவாயைப் பார்த்ததும் கடிதம் தவறு என்று முடிவு செய்துவிடலாம். முழுப் பூஜ்ய நாட்கள் பதினெட்டை மட்டும் கணக்கில் எடுப்பது நல்லது.

ஒப்பிட எடுக்கும் நாட்களும் முக்கியம். நிறுத்தத்துக்கு முந்தைய 28 முழு நாட்கள், அதாவது ஆகஸ்ட் 5 முதல் செப்டம்பர் 1 வரை எடுக்கலாம். அந்த நாட்களில் 2,80,000 பார்வைகள், 11,200 ரூபாய் வருவாய். ஆயிரம் பார்வைக்கு 40 ரூபாய். நின்றிருந்த 18 நாட்களில் 1,80,000 பார்வைகள். அதே விகிதத்தில் 7,200 ரூபாய். தீபாவளி நேரத்தில் விளம்பர விலை ஏறும் என்பதால் போன ஆண்டு அக்டோபர் விகிதத்தை வைத்துக் கணக்குப் போட ஆசை வரும். வேண்டாம். பக்கத்து நாட்களின் விகிதத்தை யாராலும் எளிதில் மறுக்க முடியாது.

ஆதாரங்களில் வலுவானது ஒரே ஒரு படம். அனலிட்டிக்ஸின் விரிவான பகுதியில் ஆகஸ்ட் 5 முதல் செப்டம்பர் 30 வரை தேதியை வைத்து, `Views` என்ற கோட்டையும் `Estimated revenue` என்ற கோட்டையும் ஒன்றாகக் காட்டும் படம். பார்வைக் கோடு சமமாக ஓடும்; வருவாய்க் கோடு பள்ளத்தில் விழுந்து 18 நாள் கழித்து ஏறும். சேனலில் பார்வையாளர் குறையவில்லை, சுவிட்ச் அணைக்கப்பட்டது என்பதை இந்தப் படம் ஒரே பார்வையில் சொல்லிவிடும். இரண்டும் சேர்ந்தே விழுந்திருந்தால் காரணம் வேறு. பார்வை குறையாமல் வருவாய் மட்டும் பாதியாகக் குறைந்திருந்தால், பெரும்பாலும் சில காணொளிகளுக்கு மஞ்சள் டாலர் குறி விழுந்திருக்கும். அதற்கான வழி அந்தக் காணொளிகளுக்குத் தனியாக மறுபரிசீலனை கேட்பது.

படத்தை வெட்டாமல் முழுத் திரையாக எடுங்கள். முகவரிப் பட்டையும் தேதியும் தெரிய வேண்டும். அதே தரவைக் கோப்பாகவும் தரவிறக்கி இணையுங்கள். நிறுத்திய மின்னஞ்சலும் திருப்பித் தந்த மின்னஞ்சலும் முழுதாக இருக்கட்டும். அந்த நாட்களில் உறவினர் யாராவது உங்கள் காணொளியைப் பார்த்தபோது விளம்பரம் வந்திருந்தால், தேதி தெரியும்படி அவர் எடுத்த திரைப்பதிவு பொன் போன்றது. ஆதார் எண், கடவுச்சொல், வங்கிக் கணக்கு எண் எதையும் இணைக்காதீர்கள். உண்மையான உதவிப் பிரிவு கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. ‘மானிடைசேஷன் மீட்டுத் தருகிறோம்’ என்று பணம் கேட்டு வருகிறவர்களிடம் கணக்கைக் கொடுத்துவிட்டால் சேனலே போய்விடும்.

கடிதம் இப்படி இருக்கலாம்

எந்த மொழியில் எழுதினாலும் ஒரு பக்கத்தைத் தாண்டாமல் இருக்கட்டும்.

‘பொருள்: தவறுதலாக மானிடைசேஷன் நிறுத்தப்பட்ட நாட்களின் வருவாய், செப்டம்பர் 3 முதல் 20 வரை.

எங்கள் சேனலின் அடையாள எண் கீழே உள்ளது. செப்டம்பர் 3, இந்திய நேரம் காலை 7 மணிக்கு மறுபயன்பாட்டு உள்ளடக்கம் என்ற காரணத்தால் மானிடைசேஷன் நிறுத்தப்பட்டது. நாங்கள் முறையிட்டபின் செப்டம்பர் 22, இந்திய நேரம் காலை 7 மணிக்குத் திருப்பித் தரப்பட்டது. இடையில் எந்தக் காணொளியையும் நாங்கள் நீக்கவோ மாற்றவோ இல்லை. இரு மின்னஞ்சல்களும் இணைப்பு 1, 2.

கீழுள்ள தேதிகள் ஸ்டூடியோ காட்டும் தேதிகள்.

ஒன்று: ஆகஸ்ட் மாத வருவாய் 12,400 ரூபாய் இன்றுவரை வரவில்லை. நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால் காரணத்தையும் விடுவிக்கும் தேதியையும் தெரிவியுங்கள். இணைப்பு 3.

இரண்டு: செப்டம்பர் 3 முதல் 20 வரை எங்கள் காணொளிகளில் விளம்பரம் காட்டப்பட்டதா? ஆம் என்றால் எத்தனை முறை?

மூன்று: காட்டப்பட்டிருந்தால் எங்கள் பங்கைக் கணக்கில் சேர்க்கக் கோருகிறோம். முந்தைய 28 நாட்களின் விகிதப்படி எங்கள் மதிப்பீடு 7,200 ரூபாய். கணக்கும் வரைபடமும் இணைப்பு 4, 5.

வழங்க இயலாது என்றால், எந்த விதியின்படி என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். இந்த முறையீட்டின் எண்ணையும் தாருங்கள்.’

ஆகஸ்ட் பணத்துக்கு நல்ல வாய்ப்பு உண்டு. 7,200 ரூபாய் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கிடைக்காமல் போகவே வாய்ப்பு அதிகம். ஆனால் கடைசி வரியில் கேட்ட அந்த எழுத்துப்பூர்வமான மறுப்புக்கு மதிப்பு உண்டு. அது கையில் இருந்தால் மேல்முறையீடு செய்வது எளிதாகும்.

முதல் பதில் பெரும்பாலும் எல்லோருக்கும் அனுப்பும் பொதுவான வாசகமாகவே இருக்கும். கோபத்தில் புதிய முறையீடு தொடங்காதீர்கள். அதே மின்னஞ்சலுக்குக் கீழே, ‘இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை’ என்று மட்டும் எழுதுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தியாவில் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி பெரிய தளங்கள் இங்கேயே குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். அவருடைய முடிவில் நிறைவில்லை என்றால் 30 நாட்களுக்குள் மேல்முறையிட, ஒன்றிய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுக்கள் 2023 முதல் இயங்குகின்றன.

ஆனால் இந்த விதிகள் ஒரு பதிவை நீக்குவது, கணக்கை முடக்குவது ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. காணொளி அப்படியே இருக்க, அதன் வருவாயை மட்டும் நிறுத்தினால் என்ன வழி என்பதை அவை தெளிவாகச் சொல்லவில்லை. ‘அது ஒப்பந்த விவகாரம்’ என்று தளம் கை கழுவ இடம் இருக்கிறது. ஏழாயிரம் ரூபாய்க்காக யாரும் வழக்கறிஞர் வைத்து நீதிமன்றம் போவதில்லை. தொகை சிறியது என்பதே தளத்துக்குப் பாதுகாப்பாகிவிடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த ஓட்டையை அடைத்துவிட்டது. 2024 பிப்ரவரி 17 முதல் முழுதாக நடைமுறைக்கு வந்த அதன் டிஜிட்டல் சேவைகள் சட்டம், பணம் வழங்குவதை நிறுத்தும் முடிவுக்கும் காரணத்தை விளக்கி அறிக்கை தர வேண்டும் என்கிறது. மானிடைசேஷனை நிறுத்துவதை எதிர்த்துக் குறைந்தது ஆறு மாதம் இலவசமாக முறையிடும் வழி இருக்க வேண்டும். அந்த முறையீட்டை இயந்திரம் மட்டுமே தீர்மானிக்கக் கூடாது. தகுதியுள்ள ஊழியரின் மேற்பார்வை வேண்டும். அதே நிறுவனம் பிரான்ஸில் ஒரு சேனலுக்குச் செய்தாக வேண்டியதைத் திண்டுக்கல் சேனலுக்குச் செய்யாமல் இருக்கலாம் என்பதை நாம் ஏன் ஏற்க வேண்டும்?

ஒன்றிய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2021 விதிகளில் செய்ய வேண்டிய திருத்தம் பெரியதல்ல. வருவாயை நிறுத்தும் முடிவையும் குறைதீர் அலுவலரிடமும் மேல்முறையீட்டுக் குழுவிடமும் கொண்டுசெல்லலாம் என்று வெளிப்படையாகச் சேர்த்தால் போதும். மானிடைசேஷன் நின்றிருக்கும் நாட்களிலும் ஊழியரைத் தொடர்புகொள்ளும் வசதி தொடர வேண்டும் என்பதும் அதோடு வர வேண்டும்.

தளங்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. முறையீடு நிலுவையில் இருக்கும் நாட்களில் ஓடும் விளம்பரத்தின் பங்கைத் தனியே எடுத்து வைத்து, முறையீடு வென்றால் விடுவிக்கலாம். இது அவர்களுக்குப் புதிதல்ல. பதிப்புரிமைத் தகராறில் யூடியூப் இதைத்தான் செய்கிறது. ஒரு பாட்டுக்கு உரிமை கோரப்பட்டு, ஐந்து நாட்களுக்குள் எதிர்ப்புத் தெரிவித்தால், முதல் நாளிலிருந்து வரும் வருவாயைத் தனியே வைத்திருந்து, தகராறு முடிந்ததும் உரியவருக்குத் தருகிறது. இசை நிறுவனத்தோடு தகராறு என்றால் பணத்தைப் பத்திரமாக வைக்க முடிகிறது. தங்கள் தவறு என்றால் மட்டும் முடியாமல் போவதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

சேனல் நடத்துகிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மானிடைசேஷன் நின்றுவிட்டால் ஸ்டூடியோவின் வருவாய்ப் பக்கமும் கண்ணில் படாமல் போகலாம். அதன் பிறகு பழைய விகிதத்தை நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது. மாதம் ஒரு முறை, 13ஆம் தேதி, போன மாதத்தின் பார்வை, வருவாய்க் கோப்பையும் ஆட்சென்ஸ் பட்டியலையும் தரவிறக்கி உங்கள் கணினியில் வையுங்கள். ஐந்து நிமிட வேலை. சேனல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இந்த மாதமே தொடங்குங்கள்.